பள்ளம் விழுந்த இதயம்: கொட்டாஞ்சேனையிலிருந்து காலி முகத்திடல் வரை

கொழும்புக்குப் போனால் நான் தங்குவது கொட்டாஞ்சேனையில், மாமி வீட்டில். மாமி ஓய்வுபெற்ற தாதி. பல வருடம் இருதய நோயாளர் வார்ட்டில் வேலை செய்தவர். வீட்டு முன்னறைச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படம், அதன் கீழே சின்னச் சிவப்பு மின்விளக்கு. அந்தப் பகுதியில் பல கத்தோலிக்க வீடுகளில் இந்தப் படத்தைப் பார்க்கலாம். நெஞ்சுக்கு வெளியே தெரியும் இதயம், அதைச் சுற்றி முள்முடி, மேலே தீச்சுவாலை, ஒரு சிலுவை.

இந்தமுறை நான் மாமியிடம் கேட்டது ஒன்றுதான். உண்மையான இதயம் இந்த வடிவத்திலா இருக்கும்?

"நான் ஒப்பரேசன் தியேட்டரில கண்டது வேறை தம்பி, சுவரில கொளுவியிருக்கிறது வேறை" என்றார் மாமி. கைமுட்டியைப் பொத்தி, கொஞ்சம் இடப்பக்கம் சரித்துக் காட்டினார். "இவ்வளவுதான் இருக்கும். மேலே நடுவில பள்ளமெல்லாம் இல்லை. தடிச்ச குழாயள்தான் நிக்கும்."

அந்தப் பள்ளம்தான் விஷயம். வாழ்த்து அட்டையிலும் கைபேசியிலும் நாம் இதயம் என்று அடையாளம் காண்பது மேலே இருக்கும் அந்த வெட்டை வைத்துத்தான். உடம்பில் இல்லாத அது படத்தில் எப்படி வந்தது? நான் பல நாளாகத் தேடிப் படித்து வைத்திருந்தது இதைத்தான். கொழும்பில் நடந்துகொண்டே யோசிக்க இது நல்ல விஷயமாகவும் இருந்தது.

முதலில் ஒரு கதையை ஒதுக்கிவிடுகிறேன். வட ஆபிரிக்காவின் பழைய கிரேக்க நகரமான சைரீனின் நாணயங்களில் சில்ஃபியம் என்ற செடியின் விதை அச்சிடப்பட்டிருக்கிறது. அது அப்படியே நம் இதயக்குறி போல இருக்கும். அந்தச் செடியைக் கருத்தடைக்கும் பயன்படுத்தினார்கள், அதனால்தான் இது காதலின் குறி ஆனது என்று இணையம் முழுக்க எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாணயங்களுக்கும், ஐரோப்பாவில் காதலோடு இதயத்தை முதலில் வரைந்த படங்களுக்கும் நடுவே 1500 வருடத்துக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியை இணைக்கும் ஒரு கண்ணிகூடக் கையில் இல்லை.

நம்பக்கூடிய தொடக்கம் 1250களில், பிரான்சில். பேரிக்காயை வைத்துச் சொன்ன ஒரு காதல் கதையின் கையெழுத்துப் பிரதியில், ஒரு பெரிய எழுத்துக்குள் சின்ன ஓவியம் இருக்கிறது. முழந்தாளிட்ட உருவம் ஒன்று ஒரு பெண்ணிடம் இதயத்தை நீட்டுகிறது. அந்த இதயத்தில் பள்ளம் இல்லை. பைன்மரக் காய் மாதிரி ஒரு கூம்பு, முனை மேலே பார்த்தபடி. காரணம் எளிது. இதயம் பைன் காய் வடிவம் என்று பழைய மருத்துவர் கேலன் எழுதி வைத்திருந்தார், ஓவியர் அதை வரைந்தார். கேலன் சொன்னது மாமியின் கைமுட்டிக்கு இன்றைய குறியைவிட நெருக்கமானது என்பது வேறு விஷயம்.

அடுத்தது 1305 அளவில், இத்தாலியின் பாதுவா நகரில் ஸ்க்ரோவேனி சிற்றாலயம். ஜியோத்தோ வரைந்த, அன்பு என்ற அறத்தைக் குறிக்கும் பெண் தன் இதயத்தைக் கையில் எடுத்துக் கடவுளிடம் கொடுக்கிறாள். அதுவும் பள்ளமில்லாத கூம்புதான். ஒன்றில் கொடுப்பது காதலிக்கு, மற்றதில் கடவுளுக்கு. கையின் செய்கை ஒன்றுதான். ஆக, இதயம் அன்பின் அடையாளமானது வடிவத்தால் இல்லை. அதைக் கழற்றிக் கையில் எடுத்து நீட்டுகிற செய்கையால். கொட்டாஞ்சேனைச் சுவரில் இருப்பது ஜியோத்தோ படத்துக்கு எதிர்த்திசை: அங்கே மனிதர் கடவுளுக்கு இதயத்தைக் கொடுக்கிறார், இங்கே கடவுள் மனிதருக்குக் காட்டுகிறார். இந்த வழிபாடு பெரிதாகப் பரவியது பிற்காலத்தில். பிரான்சின் பாரே-லெ-மோனியால் என்ற ஊரில் மார்கரீத் மரி அலகோக் என்ற கன்னியாஸ்திரி 1673 முதல் 1675 வரை கண்டதாகச் சொன்ன காட்சிகளுக்குப் பிறகு. அந்த நேரம் பள்ளம் விழுந்த வடிவம் ஐரோப்பாவில் ஊறிப்போயிருந்தது.

பள்ளம் எப்போது விழுந்தது என்றால், 1300களின் முதல் சில பத்தாண்டுகளில். பிரான்செஸ்கோ ட பார்பெரினோ என்ற இத்தாலியர் காதலைப் பற்றி எழுதிய நூலின் படத்தில் காதல் தேவன் குதிரை மேல் நிற்கிறான். குதிரையின் கழுத்தில் இதயங்களைக் கோத்த மாலை. அந்த இதயங்களில் லேசான வெட்டு தெரிகிறது. ஏன் என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் எனக்குப் பிடித்தது இது. இதயத்துக்கு மூன்று அறைகள் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருந்தார். அதைப் படித்தவர்கள், உடம்பைத் திறந்து பார்க்காமல், எழுத்தை மட்டும் வைத்து இதயத்தை வரைய முயன்றார்கள். இரண்டு பக்கமும் இரண்டு புடைப்பு, நடுவில் ஒரு தாழ்வு. வெசேலியஸ் உடம்பை அறுத்துப் பார்த்துத் தன் பெரிய நூலை வெளியிட்டது 1543இல். அதற்குள் குறி ஓவியரின் கையையும் மருத்துவரின் கையையும் விட்டுச் சூதாடிகளின் கைக்குப் போய்விட்டது.

சூதாடிகள் என்று சும்மா சொல்லவில்லை. மாமி வீட்டிலிருந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் வழியாகப் புறக்கோட்டைக்கு நடந்து போனேன். நடைபாதைக் கடை ஒன்றில் பிளாஸ்டிக் உறையில் சீட்டுக்கட்டுகள் தொங்கின. ஒன்று வாங்கினேன். 1480 அளவில் பிரெஞ்சு அச்சாளர்கள்தான் இன்று நாம் பிடிக்கும் நான்கு குறிகளையும் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் இத்தாலியச் சீட்டில் வாள், கிண்ணம், நாணயம், தடி. ஒவ்வொன்றையும் விவரமாக வரைய வேண்டும். பிரெஞ்சுக்காரர் செய்த வேலை, குறிகளைத் தட்டையான ஒற்றை நிற உருவங்களாகக் குறைத்தது. தகட்டில் உருவத்தை வெட்டி எடுத்து, மேலே சாயம் தடவினால் போதும். இரண்டு குறிக்குச் சிவப்பு, இரண்டுக்குக் கறுப்பு. கூம்போ ரத்தக்குழாயோ அந்தத் தகட்டில் தங்காது. தங்கியது இரண்டு வளைவும் ஒரு முனையும் நடுவில் ஒரு வெட்டும். சிவப்பும் அங்கேதான் நிலைத்தது என்று நினைக்கிறேன். கட்டிலிருந்து இதயச் சீட்டான ஆட்டினை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், ஒரு காம்பு மட்டும்தான் குறை, கறுப்பு இஸ்கோப்பன் கிடைத்துவிடும்.

1656 முதல் 1796 வரை கொழும்பை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுப்போனவற்றில் சீட்டுக்குறிகளின் பெயர்களும் உண்டு. முந்நூற்று நாலு விளையாடும்போது நாங்கள் கூவும் இஸ்கோப்பன், உருவித்தனெல்லாம் அவர்களுடையவை. அதே ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்தவர்கள். சுவரில் இதயப்படம் மாட்ட முடியாத காலத்தில் கையில் இதயச் சீட்டை வைத்திருக்கத் தடை இல்லை.

சீட்டுக்கடைக்கு அடுத்த கடையில் வெள்ளை டி-ஷர்ட்டுகள். நான் என்பதற்கு ஓர் ஆங்கில எழுத்து, ஒரு சிவப்பு இதயம், கீழே கொழும்பு. இதன் மூலவடிவம், வடிவமைப்பாளர் மில்டன் கிளேசர் நியூயோர்க் மாநிலத்துக்காக 1976இல் டாக்சியில் போகும்போது சிவப்புக் கிரேயோனால் கீறிய ஒரு துண்டுக் காகிதம். பெயராக இருந்த இதயம் அதில் வினையானது. நான் வாங்கவில்லை. துணி மெல்லிசு.

பிறகு காலி வீதி பஸ்ஸில் ஏறிக் காலி முகத்திடலில் இறங்கினேன். ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை இது. கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நலன் கருதி இதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டு அவர் வைத்த கல் இருக்கிறது. காதலர்களைப் பற்றி வார்ட் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பின்னேர வெயிலில் கடலைப் பார்த்து விரிந்திருந்த குடைகளுக்குக் கீழே இருந்தவர்கள் அவர்கள்தான். குடைக்குள் என்ன நடந்தது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

புல்வெளியில் ஒரு தமிழ்ச் சோடிக்குக் கல்யாண ப்ரீஷூட் நடந்தது. கமராக்காரத் தம்பி மாப்பிள்ளையிடம், "அண்ணா, ஒரு முழங்கால்ல நில்லுங்கோ, அக்காவின்ர கையைப் பிடியுங்கோ" என்றார். பேரிக்காய்க் கதையின் ஓவியம் அப்படியே கண்முன். அந்த முழந்தாளும் காதலுக்காகப் பிறந்ததில்லை. ஐரோப்பாவில் ஒருவன் பிரபுவுக்கு ஆளாகும் சடங்கு இது: முழந்தாளிட்டு, கூப்பிய கைகளைப் பிரபுவின் கைகளுக்குள் வைத்து, விசுவாசம் சத்தியம் செய்து, கடைசியில் முத்தம். அதுவும் பெரும்பாலும் ஆணும் ஆணும், வாயில். ஒப்பந்தம் முடிந்தது என்பதற்கான முத்திரை அந்த முத்தம். 1439இல் கொள்ளைநோய்க்குப் பயந்து, இந்தச் சடங்கில் முத்தத்தை விட்டுவிட அனுமதிக்கும்படி இங்கிலாந்தின் பாராளுமன்றம் ஆறாம் ஹென்றியிடம் கேட்டிருக்கிறது. பிரபு இருந்த இடத்தில் காதலியை வைத்து, நான் உன் ஆள் என்று பாடியவர்கள் அக்காலக் காதல் கவிஞர்கள். இதயம் நீட்டுபவர் முழந்தாளிட்டதும் அந்தப் பழக்கத்தில்தான்.

அடுத்து முத்தக் காட்சி. மாப்பிள்ளை குனிய, பக்கத்தில் நின்ற பெண்ணின் அம்மா, "நெத்தியில மட்டும்" என்றார். கமராக்காரர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அம்மாவைப் பழமை என்று சொல்லிவிட முடியாது. உதட்டு முத்தத்துக்கு மெசொப்பொத்தேமியாவில் சுமார் 4500 வருடத்துக்கு முந்திய எழுத்துச் சான்று உண்டு, பழையதுதான். ஆனால் எல்லாருடையதும் இல்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வு 168 சமூகங்களைப் பார்த்ததில் காதலர் உதட்டு முத்தம் 77இல்தான் இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் பெரியவர்கள் பிள்ளையைக் கொஞ்சுவது மூக்கால். கன்னத்திலோ உச்சியிலோ மூக்கை வைத்து மூச்சை உள்ளே இழுப்பார்கள். உச்சி முகரும் இந்த வழக்கம் வடமொழி இதிகாசங்களிலும் உண்டு.

கடைசிப் படத்துக்கு இருவரையும் கையால் இதயம் காட்டச் சொன்னார் கமராக்காரர். மாப்பிள்ளை இரண்டு கையையும் வளைக்கத் தொடங்கினார். "அது பழசு" என்று பெண் தடுத்து, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் குறுக்காக வைத்துக் காட்டினாள், கொரிய நாடகக்காரர்கள் செய்வது போல. விரல் நுனிகள் இரண்டு பக்கம் பிரிந்து நிற்க, அதில் முனையும் இல்லை, கூம்பும் இல்லை. இரண்டு புடைப்பும் நடுவில் பள்ளமும் மட்டும்.

"என்னடி இது, காசு கேக்கிற மாதிரி இருக்கு" என்றார் அம்மா.