வினிகர் கப்புல விழாத ஈ – ரிவர்ஸ் லென்ஸ்ல மாட்டுனது

ரெண்டு வாரமா சிங்க் பக்கத்துல வினிகர் கப் வச்சு வச்சு வெறுத்துட்டேன். வினிகர், அழுகுன வாழைப்பழத் துண்டு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், மேல ஓட்டை போட்ட கவர், எல்லாரும் சொல்றது தான். முதல் நாள் முப்பது நாப்பது விழுந்துச்சு, பெருமையா அம்மாகிட்ட காட்டுனேன். நாலாவது நாள்ல இருந்து கப்புல ஒண்ணும் விழல, ஆனா சுவர்ல மட்டும் குட்டி குட்டியா உக்காந்துட்டே இருக்கு. "டேய், அது வேற பூச்சிடா, பாத்ரூம்லயும் இதே தான் இருக்கு"னு அம்மா அப்பவே சொன்னாங்க, நான் தான் கேக்கல. எல்லாம் பழ ஈ தான்னு முடிவு பண்ணிட்டேன், ஏன்னா தூரத்துல இருந்து பாத்தா எல்லாமே கருப்புப் புள்ளி.

சரி போட்டோ எடுத்து பாத்துடலாம்னு பழைய நிக்கான் பாடியும் 18-55 கிட் லென்ஸும் எடுத்தேன். லென்ஸை முன்பின்னா திருப்பி பாடில மாட்ட உதவுற ரிவர்ஸ் ரிங் 52 எம்எம். ஆன்லைன்ல ஒரு கடையில ஆர்டர் பண்ணா 58 அனுப்பி வச்சாங்க, திருப்பி அனுப்பி வாங்க ஒம்போது நாள், அது தனி புலம்பல். அபர்ச்சர் வளையமே இல்லாத இந்த ஜி டைப் லென்ஸ் வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், கழட்டுன உடனே அபர்ச்சர் முழுசா மூடிக்கும், வியூஃபைண்டர்ல இருட்டு தான். பின்னாடி இருக்க அந்த குட்டி லீவரை தள்ளி மடிச்ச விசிட்டிங் கார்டு துண்டு சொருகணும். பாதி அளவு திறந்திருக்க மாதிரி சொருகுனா டெப்த்தும் கிடைக்கும், ஃபோகஸ் பண்ண வெளிச்சமும் இருக்கும். இதைக் கண்டுபிடிக்கவே ஒரு சாயங்காலம் போச்சு, கார்டு நழுவி நழுவி விழுது, கடைசில மாஸ்க்கிங் டேப் போட்டு ஒட்டுனேன்.

ஜூமை 55ல வச்சா சென்சார்ல கிட்டத்தட்ட நிஜ அளவு, 18 பக்கம் போகப் போக பெருசாகும். வீட்டு ஈக்கு 55 போதும், குட்டி ஈக்கு 35 வரைக்கும் போகணும். லென்ஸுக்கும் ஈக்கும் நடுவுல நாலு விரல் இடம் கூட இருக்காது, அதனால காலைல ஆறு மணிக்கு, அதுங்க மந்தமா இருக்கும்போது தான் எடுக்கணும்.

முதல்ல மாட்டுனது குப்பை டப்பா மூடி மேல இருந்த வீட்டு ஈ. முதுகுல நாலு கோடு தெளிவா தெரிஞ்சுது. மூணு கோடு இருந்து வயித்துல சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் இருந்தா அது வேற ஈ, மாமிசம் தேடி வர்றது, நிறைய பேர் இங்க தான் குழம்புறாங்க. றெக்கையில நாலாவது நீள நரம்பு நுனி கிட்ட சட்டுனு மேல மடங்கும், அது தெரியணும்னா நேர் மேல இருந்து, றெக்கையும் சென்சாரும் ஒரே தளத்துல இருக்க மாதிரி பிடிக்கணும். பக்கவாட்டுல எடுத்தா கண்ணு அழகா வரும், ஆனா நரம்பு மங்கிடும், அடையாளத்துக்கு உதவாது. வீட்டு ஈ இருந்தா ஈரக் குப்பை நாள் கணக்குல கிடக்குது, இல்ல பக்கத்துல எங்கயோ சாணி இருக்குனு அர்த்தம். எங்க தெருமுனையில மாட்டுக் கொட்டகை இருக்கு, அதனால பெருசா அதிசயமில்ல. நம்ம வெயிலுக்கு முட்டையில இருந்து ஈ ஆக ஏழெட்டு நாள் போதும், டப்பாவை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை காலி பண்ணா வீட்டுக்குள்ள வளர வாய்ப்பில்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். சுவர்ல இருந்த குட்டி கருப்புப் புள்ளியை 35ல வச்சு எடுத்து லேப்டாப்ல பெருசாக்குனா, பழ ஈயே இல்ல! றெக்கை முழுக்க முடி, அந்துப்பூச்சி மாதிரி, உக்காந்திருக்கும்போது இதய வடிவம், றெக்கை ஓரத்துல நரம்பு முடியுற இடத்துலல்லாம் சின்ன சின்ன வெள்ளைப் புள்ளி, ஆன்டெனா பாசிமணி கோத்த மாதிரி. சாக்கடை ஈ. பழ ஈன்னா கண்ணு செங்கல் சிவப்பு, உடம்பு மஞ்சள் பழுப்பு, றெக்கை கண்ணாடி மாதிரி. கப்புல விழுந்து கிடந்ததுல ஒண்ணை எடுத்து பக்கத்துல வச்சு எடுத்தேன், அண்ணன் தம்பினு கூட சொல்ல முடியாது. ஆக வினிகர் கப் அதோட வேலைய ஒழுங்கா தான் பாத்திருக்கு, பழ ஈ அத்தனையும் முதல் மூணு நாள்லயே போயிடுச்சு. மிச்சம் இருந்ததுக்கு வினிகர் மேல அவ்ளோ ஆசையில்ல, அதுக்கு வேண்டியது குழாய்க்குள்ள ஒட்டியிருக்க கொழகொழ பாசி. முட்டை போடுறது, புழு வளர்றது எல்லாம் அதுல தான்.

போட்டோ என்ன ஈன்னு தான் சொல்லும், எந்த ஓட்டைன்னு சொல்லாது. அதுக்கு டேப் டெஸ்ட். ராத்திரி சிங்க் ஓட்டை மேல செலோ டேப்பை ஒட்டுற பக்கம் கீழ இருக்க மாதிரி குறுக்கால ஒட்டுனேன், முழுசா மூடாம ஓரத்துல காத்து போக விட்டு. பாத்ரூம் தரையில தண்ணி போற நஹானி ட்ராப்புக்கும் அதே. காலைல சிங்க்ல ஒண்ணு கூட இல்ல, பாத்ரூம்லயும் இல்ல, கடுப்பாயிடுச்சு. அப்புறம் தான் யூட்டிலிட்டில வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி ஒரு நஹானி ட்ராப் இருக்கறது ஞாபகம் வந்துச்சு, மறுநாள் அங்க டேப்ல அஞ்சு. மூடியைத் தூக்குனா உள்பக்கச் சுவர்ல கருப்பா வழவழனு, விரல் நக கனத்துக்கு. ப்ளீச்சிங் பவுடர் தண்ணியை மேல இருந்து ஊத்துனா அது மேல வழுக்கிட்டு தான் போகும். பாட்டில் பிரஷ் வச்சு தேய்ச்சு தேய்ச்சு எடுத்தேன், வெந்நீர் அப்புறம் தான். ஏற்கனவே வெளிய வந்ததுங்க இன்னும் கொஞ்ச நாள் சுவர்ல திரியும், அதைப் பாத்து மறுபடி வினிகர் பக்கம் போகாதீங்க.

ஒரு எச்சரிக்கை: பழ ஈ சைஸ்ல, முதுகு கூன் போட்டு, கண்ணு சிவப்பா இல்லாம, பறக்காம விட்டு விட்டு ஓடுற ஒண்ணு இருக்கு. அது டைல்ஸ் இடுக்குல இருந்து வந்தா தரைக்கு அடியில பைப் உடைஞ்சிருக்கானு பாக்கணும். எனக்கு மாட்டல, நல்லவேளை.

நான் அலட்டிக்கிற போட்டோன்னா அது பச்சை ஈ தான். மீன் கழுவுற ஞாயித்துக்கிழமை ஒண்ணு ரெண்டு வர்றது சகஜம், வாசனைக்கு வருது, போயிடும். ஆனா போன மாசம் கொசுவலை அடிச்ச ஜன்னல்ல, உள்பக்கமா, ஆறு உக்காந்திருந்துச்சு, அன்னைக்கு வீட்ல மீனும் இல்ல கறியும் இல்ல. எடுக்குறது தான் கொடுமை, முதுகு கண்ணாடி மாதிரி மினுங்குது, ஃப்ளாஷ் அடிச்சா பச்சையே தெரியாம வெள்ளைத் திட்டு. ஆப்பிள் சுத்தி வர்ற வெள்ளை ஃபோமை ரெண்டு அடுக்கு ஒட்டி, ஈ தலைக்கு மேல கிட்டத்தட்ட இடிக்கிற மாதிரி கொண்டு போன பிறகு தான் நீலப் பச்சை மொத்தமும் வந்துச்சு. செங்கண்ணு, ரெண்டும் நடு மண்டையில ஒட்டியிருந்தா ஆண், கீழ கன்னம் ஆரஞ்சு. கிரைசோமயா மெகாசெஃபலா, நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணம்.

வெளிய இருந்து வந்திருந்தா வலைக்கு வெளிய தான் இருக்கும். உள்ள பிறந்த ஈ வெளிச்சத்தைத் தேடி ஜன்னலுக்கு வரும். புழுவுல இருந்து இந்த ஈ ஆக பத்து நாள் சுமார். பின்னாடி எண்ணிப் பாத்தேன், பரண்ல எலி மருந்து வச்சு ரெண்டு வாரம் ஆகுது. ஏணி போட்டு ஏறுனா பழைய சூட்கேஸுக்குப் பின்னாடி காஞ்சு போன எலி, பக்கத்துல அரிசி மாதிரி பழுப்புக் கூடு காலியா. நாத்தம் வந்ததா யாருமே சொல்லலனு வேற ஒரு ஆச்சரியம்.

சாக்கடை ஈ றெக்கை முடி நுனி வரைக்கும் ஷார்ப்பா இன்னும் வரல, ஒரு ஃப்ரேம்ல வராது, ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி நிறைய எடுத்து ஒண்ணா ஸ்டாக் பண்ணணும். அதுக்கு கேமராவை துளித்துளியா நகர்த்துற ரெயில் விலை கேட்டா தலை சுத்துது, பழைய மைக்ராஸ்கோப் ஸ்டேண்ட் ஒண்ணு ஸ்கூல் லேப் சாமான் விக்கிற கடையில பாத்து வச்சிருக்கேன். ஆனா ட்ராப் தேய்ச்சதுல இருந்து சுவர்ல ரெண்டு தான் மிச்சம், அதுக்குள்ள வாங்கணும்.