சேவைத் தர மாடல்கள்: ஒரே தாளில் சார்ட், மாடலுக்கு ஒரு ஓட்டல் உதாரணம்

ஓட்டல் மேனேஜ்மென்ட் படித்தபோது சர்வீஸ் குவாலிட்டி பாடத்தை நான் இரண்டு முறை சார்ட் போட்டேன். முதல் சார்ட்டில் மாடல் பெயர், ஆண்டு, உருவாக்கியவர், வரையறை, உதாரணம் என்று ஐந்து கட்டங்கள். பார்க்க நிறைவாக இருந்தது. ஆனால் இன்டர்னல் தேர்வில் ஒரு சம்பவத்தைக் கொடுத்து இது கேப் மாடலில் எந்த இடைவெளி என்று கேட்டார்கள், இரண்டாவது என்று எழுத வேண்டியதை மூன்றாவது என்று எழுதி மார்க் போனது. வீட்டுக்கு வந்து சார்ட்டை எடுத்துப் பார்த்தால் காரணம் அதிலேயே இருந்தது. உதாரணக் கட்டத்தில் எல்லா மாடலுக்கும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்தான்: ரிசப்ஷனில் சிரித்த முகம், சுத்தமான அறை, சீக்கிரம் வரும் ரூம் சர்வீஸ். அந்த உதாரணங்களை இடம் மாற்றி ஒட்டினாலும் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது முறை வரையறைக் கட்டத்தை எடுத்துவிட்டேன், அது புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகள்: இந்த மாடல் எதை எதோடு ஒப்பிடுகிறது? குறை வந்தால் ஓட்டலில் யார், எதைச் சரிசெய்ய வேண்டும்? அப்புறம் உதாரணம். அதற்கு ஒரே விதி, அடுத்த வரிசையில் கொண்டுபோய் வைத்தாலும் பொருந்தினால் அந்த உதாரணத்தை அடித்துவிட்டு வேறு தேட வேண்டும். ஒரு ஏ3 தாள், நான்கு பெரிய வரிசை, கடைசியில் ஒரு சின்ன வரிசை, அவ்வளவுதான்.

முதல் வரிசை க்ரோன்ரூஸ், 1984. விருந்தினருக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்பது டெக்னிகல் குவாலிட்டி, அது எப்படிக் கிடைத்தது என்பது ஃபங்ஷனல் குவாலிட்டி. இதில் நிறைய பேர் விழும் குழி ஒன்று உண்டு. டெக்னிகல் என்ற சொல்லைப் பார்த்ததும் வைஃபை, லிஃப்ட், சாவிக்குப் பதில் கார்டு என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு இயந்திரம் என்று அர்த்தம் இல்லை, கையில் வந்து சேர்ந்த விளைவு என்று அர்த்தம். நான் எழுதிய உதாரணம் லாண்டரி. மாலை ஆறு மணிக்கு வேண்டும் என்று கொடுத்த சட்டை கறை போய், இஸ்திரி போட்டு, சரியாக ஆறு மணிக்கு வந்துவிட்டது, டெக்னிகல் நன்றாக இருக்கிறது. ஆனால் கொண்டுவந்தவர் கதவைத் தட்டாமல் மாஸ்டர் கீ போட்டுத் திறந்து உள்ளே வந்துவிட்டார், ஃபங்ஷனல் போய்விட்டது. மூன்றாவதாக அந்த மாடலில் இமேஜ் இருக்கிறது, அது ஒரு வடிகட்டி மாதிரி. பத்து வருடமாக வந்து தங்குபவர் இதை யாரோ புதுப் பையன் செய்த தவறு என்று விட்டுவிடுவார், முதல் முறை வருபவர் இந்த ஓட்டலே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுவார். ஒரே சம்பவத்துக்குள் மூன்றும் தனித்தனியாகத் தெரிவதால் இந்த உதாரணத்தை வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வரிசைதான் எனக்கு மார்க் போன இடம், அதனால் சார்ட்டில் பாதி இடத்தை அதற்கே கொடுத்தேன். பரசுராமன், சைத்தாம்ல், பெர்ரி மூவரும் 1985-இல் வெளியிட்ட கேப் மாடல். இதற்கு ஐந்து இடைவெளிக்கு ஐந்து வேறு உதாரணம் எழுதுவது பெரிய தவறு என்று இப்போது நினைக்கிறேன். ஐந்தையும் ஒரே சம்பவத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். நான் எடுத்துக்கொண்டது காலை டிஃபன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல், பஃபே ஏழரை மணிக்குத் திறக்கும், விருந்தினர்களில் பலர் ஆறு மணிக்கே அறையைக் காலி செய்துவிட்டு ரயிலுக்குக் கிளம்புகிறவர்கள். அறை வாடகையில் காலை உணவும் சேர்த்திதான், ஆனால் சாப்பிடாமலே போகிறார்கள்.

மேனேஜருக்கு இது தெரியவே தெரியாது, பஃபேயில் ஐட்டம் குறைவு என்பதுதான் குறை என்று நினைத்து இன்னும் நான்கு வகை சேர்க்கிறார் என்றால் அது முதல் இடைவெளி, விருந்தினர் கேட்பது ஒன்று, நிர்வாகம் புரிந்துகொண்டது வேறு. சரி, தெரிந்துகொண்டார், ஆனால் அதற்கென்று எந்த நடைமுறையும் எழுதி வைக்கவில்லை, பார்த்துக் கொடுங்கப்பா என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போகிறார் என்றால் இரண்டாவது. எஸ்ஓபி எழுதியாகிவிட்டது, இரவு ஒன்பது மணிக்குள் ஃப்ரண்ட் ஆஃபீஸ் ஆர்டர் எடுக்க வேண்டும், கிச்சனுக்கு ஸ்லிப் போக வேண்டும், ஐந்தரை மணிக்குப் பார்சல் ரிசப்ஷனில் இருக்க வேண்டும், ஆனால் ஷிஃப்ட் மாறும்போது ஸ்லிப் மேசையிலேயே கிடந்துவிட்டது என்றால் மூன்றாவது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, ஆனால் வெப்சைட்டில் எந்த நேரமும் சூடான காலை உணவு என்று போட்டிருக்கிறார்கள், கையில் கிடைப்பதோ ஆறிப்போன சாண்ட்விச் என்றால் நான்காவது. இந்த நான்கில் எது நடந்தாலும் விருந்தினர் உணர்வது ஒன்றுதான், எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. அந்த உணர்வுதான் ஐந்தாவது. முதல் நான்கும் ஓட்டலுக்குள்ளே நடப்பவை, ஐந்தாவது விருந்தினர் பக்கம் இருப்பது, இதைக் காட்ட நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

இப்போது அந்த "யார் சரிசெய்ய வேண்டும்" என்ற கட்டம் வேலைக்கு வருகிறது. விருந்தினரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் தீரும் என்றால் முதலாவது. உட்கார்ந்து ஒரு விதி எழுதினால் தீரும் என்றால் இரண்டாவது. விதி ஏற்கெனவே இருக்கிறது, ஆளோ பயிற்சியோ ஒருங்கிணைப்போ போதவில்லை என்றால் மூன்றாவது. விளம்பர வாசகத்தை மாற்றினால் தீரும் என்றால் நான்காவது. இன்டர்னலில் வந்த கேள்வியும் இதேதான்: ஊழியர் ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் செய்தார்கள் என்று கொடுத்திருந்தார்கள். ஊழியர் என்ற சொல்லைப் பார்த்ததும் நான் மூன்று என்று எழுதிவிட்டேன். ஆனால் அந்தப் பத்தியில் விதி என்று ஒன்று இருந்ததாகவே இல்லை. விதியே இல்லாதபோது அதை மீற முடியாது, அதனால் அது இரண்டு. கேஸ் வந்தால் முதலில் அதில் எழுதப்பட்ட ஸ்டாண்டர்ட் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், இரண்டா மூன்றா என்ற குழப்பம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது செர்வ்குவாலும் செர்வ்பெர்ஃபும். இங்கே மட்டும் என் விதியை நானே வேண்டுமென்றே மாற்றினேன், இரண்டு வரிசைக்கும் ஒரே உதாரணம், ஏனென்றால் ஒரே தகவலுக்கு இரண்டும் எதிரெதிர் பதில் தருவதைப் பார்த்தால்தான் சண்டை எதற்கு என்று புரியும். செர்வ்குவால் அதே மூவர் 1988-இல் கொடுத்த, சேவைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாள். 22 வாக்கியங்கள், எதிர்பார்ப்புக்கு ஒரு தடவை, அனுபவத்துக்கு ஒரு தடவை, ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண், அனுபவத்திலிருந்து எதிர்பார்ப்பைக் கழிக்க வேண்டும். எதிர்பார்ப்புக் கேள்விகள் இந்த ஓட்டலைப் பற்றியவை அல்ல, இந்த வகை ஓட்டல் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியவை. இதைப் பலரும் தவறவிடுகிறார்கள்.

வசதிகள் பார்க்க நன்றாக இருக்கின்றனவா என்ற ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம், எண்கள் நான் பயிற்சிக்காகப் போட்டவை. ஒரு சாதாரண லாட்ஜ், எதிர்பார்ப்பு 3, அனுபவம் 5. ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டல், எதிர்பார்ப்பு 7, அனுபவம் 6.

```
செர்வ்குவால்  லாட்ஜ்: 5 - 3 = +2    நட்சத்திரம்: 6 - 7 = -1
செர்வ்பெர்ஃப்  லாட்ஜ்: 5             நட்சத்திரம்: 6
```

செர்வ்குவால்படி லாட்ஜ் முன்னால் நிற்கிறது. 1992-இல் க்ரோனினும் டெய்லரும் கொண்டுவந்த செர்வ்பெர்ஃப் எதிர்பார்ப்பைக் கேட்பதே இல்லை, அனுபவ மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறது, அதன்படி நட்சத்திர ஓட்டல் முன்னால். எது சரி என்று கேட்டால் என்ன வேலைக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும். தன் விருந்தினர் எங்கே ஏமாந்துபோகிறார் என்று பார்க்க நினைக்கும் மேனேஜருக்குக் கழித்தல் கணக்கு உதவும், −1 வந்த இடத்தில் கை வைக்கலாம். வேறு வேறு தரத்து ஓட்டல்களை வரிசைப்படுத்த அது உதவாது, லாட்ஜ் பார்க்க அழகு என்று யாரும் சொல்லவில்லை, எதிர்பார்ப்பு குறைவு, அவ்வளவுதான். இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. எதிர்பார்ப்பு என்று கேட்டால் பெரும்பாலும் எல்லாரும் ஆறு, ஏழு என்றே போடுவார்கள், அதற்கு மேல் அனுபவம் ஏற அதிக இடம் இல்லாமல் பெரும்பாலான விடைகள் மைனஸில் வந்துவிடும். செக் அவுட் அவசரத்தில் 44 கேள்விக்கு யார் பொறுமையாகப் பதில் சொல்வார்கள் என்பதும் இருக்கிறது. செர்வ்பெர்ஃபில் அது பாதி, 22.

செர்வ்குவாலின் 22 வாக்கியங்களும் ஐந்து பரிமாணங்களுக்குள் அடங்கும். அவற்றுக்கு ஐந்து நீளமான உதாரணம் வேண்டாம், ஒரு விருந்தினர் போதும். நிலக்கடலை ஒவ்வாமை இருப்பவர் ரெஸ்டாரண்டுக்கு வருகிறார். ஒவ்வொரு முறையும் கடலை இல்லாமலே உணவு வருகிறது, நம்பகத்தன்மை. கேட்டதும் ஸ்டூவர்ட் உடனே கிச்சனுக்குப் போய் விசாரித்து வருகிறார், உடனடிப் பதில்வினை. எந்தச் சட்னியில் கடலை இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லி அவருக்குத் தைரியம் வர வைக்கிறார், உறுதியளித்தல். மறுநாள் அவர் சொல்லாமலே நினைவு வைத்திருக்கிறார்கள், பரிவு. மெனு கார்டில் கடலைக்குத் தனிக் குறி அச்சிட்டிருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியும் அம்சம். பரிவையும் உறுதியளித்தலையும் குழப்பிக்கொள்கிறவர்கள், முன்னது அவரைப் பற்றித் தெரிந்திருப்பது, பின்னது வேலையைப் பற்றித் தெரிந்திருப்பது என்று பிரித்துக்கொள்ளலாம்.

கடைசிச் சின்ன வரிசை லாட்ஜ்செர்வ், 1990, நட்சனும் உடன் ஆய்வாளர்களும், 26 வாக்கியங்கள், அதே ஐந்து பரிமாணம், ஆனால் தங்கும் விடுதிக்கென்றே எழுதியது. இது ஏன் தேவைப்பட்டது என்பதைப் பாடத்தில் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். 1985 ஆய்வில் மூவரும் எடுத்துக்கொண்ட துறைகள் வங்கி, கிரெடிட் கார்டு, பங்குத் தரகு, பொருள் பழுதுபார்ப்பு, ஓட்டல் அதில் கிடையாது. வங்கியில் யாரும் இரவு தூங்குவதில்லை. என் உதாரணம்: முன்பதிவில் இரட்டைக் கட்டில் என்று உறுதி செய்தார்கள், இரவு பதினொரு மணிக்குப் போனாலும் அதே அறை காத்திருக்கிறது.

தேர்வுக்கு முந்தைய நாள் முழுச் சார்ட்டையும் படிக்கவில்லை. உதாரணங்களை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் கலைத்துப்போட்டு, ஒவ்வொன்றும் எந்த மாடல், யார் சரிசெய்ய வேண்டும் என்று அறைத்தோழியைக் கேட்கச் சொன்னேன். லாண்டரிச் சட்டையை அவள் பரிவுக்கு எடுத்துக்காட்டாக வைக்கலாமே என்று வாதாடினாள். தட்டாமல் நுழைந்தது மரியாதைக் குறைவு, மரியாதை 1988 பட்டியலில் உறுதியளித்தலுக்குள் வருகிறது, அதனால் பரிவு இல்லை என்று சொல்ல முடிந்தது, ஆனால் அந்த வாக்கியம் செர்வ்குவால் வரிசையிலும் ஒட்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. சட்டை சரியாக வந்ததையும் ஆள் நுழைந்த விதத்தையும் இரண்டு வெவ்வேறு நிற மையில் எழுதி, க்ரோன்ரூஸ் வரிசையிலேயே வைத்துக்கொண்டேன்.