சமையல் வசதி உள்ள அறை: என் லாட்ஜ் சர்வே புராஜெக்டில் கற்றுக்கொண்டது

வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்தும் இருக்கும். சி.எம்.சி.யில் வைத்தியம் பார்க்க மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் என்று தொலைதூரத்திலிருந்து வருகிறவர்கள் காட்பாடியில் இறங்கி இங்கேதான் அறை தேடுகிறார்கள். சிலர் மூன்றே நாளில் ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சிலர் மாதக்கணக்கில் இருப்பார்கள். எம்.பி.ஏ. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி இவர்களைப் பற்றியது: தங்கிய லாட்ஜை ஊரில் உள்ளவர்களுக்குப் பரிந்துரைப்பார்களா, அதை எந்தெந்தக் காரணிகள் முன்கூட்டியே காட்டுகின்றன? இதே மாதிரி சர்வே வைத்து லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் செய்யப்போகிறவர்களுக்காக, நான் தடுமாறிய இடங்களை எழுதுகிறேன்.

ஒன்பது லாட்ஜுகளில் 212 பேரிடம் படிவம் நிரப்பினேன். வங்காளம் தெரிந்த தோழி ஒருத்தி கூட வந்தாள். முதல் லாட்ஜில் மேனேஜர், "ஏம்மா, இங்கயே உட்கார்ந்து எழுதுங்க, ஃபேன் இருக்கு" என்று வரவேற்பறையிலேயே இடம் கொடுத்தார். அங்கே 12 படிவங்கள் முடித்தோம். அன்று இரவு புரட்டிப் பார்த்தால் பன்னிரண்டிலும் பத்துக்குப் பத்து! மேனேஜர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தால் யார்தான் குறைத்துப் போடுவார்கள்? அந்த 12 படிவங்களையும் கணக்கில் சேர்க்கவில்லை. மார்க் அதிகம் என்பது அதற்குக் காரணம் அல்ல, அவை நிரப்பப்பட்ட இடம்தான் காரணம் என்று அறிக்கையிலும் எழுதினேன். அதன்பிறகு மொட்டைமாடியிலும் அறை வாசலிலும்தான் கேட்டோம். மீதி 200.

பரிந்துரைக் கேள்விக்கு 0 முதல் 10 வரை மார்க். 2003-ல் ஃபிரெட் ரெய்க்ஹெல்ட் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய முறைப்படி 9, 10 போடுபவர் பரிந்துரைப்பவர், 7, 8 நடுநிலை, 6-உம் அதற்குக் கீழும் குறைசொல்பவர். லாஜிஸ்டிக் ரிக்ரெஷனுக்கு விடை இரண்டே வகையாக இருக்க வேண்டும். 9, 10 என்றால் 1, மற்றதெல்லாம் 0 என்று வைத்தேன். இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை டேட்டாவைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பிறகு 7-இல் கோடு போட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முடிவு தலைகீழானால் அது கோட்டினால் வந்த முடிவு. எனக்கு அப்படி ஆகவில்லை.

200 பேரில் 88 பேர் 1, 112 பேர் 0. மாடலில் எத்தனை காரணிகளைப் போடலாம் என்பதை மொத்தம் 200 தீர்மானிப்பதில்லை. இரண்டு வகையில் சிறியது எதுவோ, அதுதான் தீர்மானிக்கிறது. சிறிய வகையில் ஒரு காரணிக்குப் பத்துப் பேராவது வேண்டும் என்று தோராயமான ஒரு கணக்கு உண்டு. அப்படியென்றால் எனக்கு எட்டுக்கு மேல் தாங்காது. என் படிவத்தில் 23 கேள்விகள் இருந்தன. எதை வைப்பது, எதை விடுவது? என் புராஜெக்டே இந்தக் கேள்வியில்தான் நின்றது.

எனக்கு மிகவும் வேண்டியிருந்த காரணி சமையல் வசதி. பல லாட்ஜுகளில் அடுப்பும் பாத்திரமும் வைத்துக்கொண்டு சமைக்க இடமுள்ள அறைகள் உண்டு. நோயாளிக்குப் பழகிய சாப்பாட்டைச் செய்துகொடுக்க முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று கூட வந்தவர்கள் ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஆனால் தனியாக அந்தக் காரணியை மட்டும் போட்டு ஓட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. சமையல் வசதி உள்ள அறையில் 90 பேர், அதில் 42 பேர் பரிந்துரைக்கிறார்கள். வசதி இல்லாத அறையில் 110 பேர், அதில் 46 பேர். 47 சதவீதத்துக்கும் 42 சதவீதத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஆட்ஸ் ரேஷியோ 1.22, பி மதிப்பு 0.49. "சமையல் வசதிக்கும் பரிந்துரைக்கும் தொடர்பில்லை" என்று ஒரு வரி எழுதிக்கொண்டு கைடு மேடத்திடம் போனேன்.

மேடம் பேப்பரைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "சமையல் ரூம் எடுக்கிறவங்க யாரும்மா?"

நீண்ட நாள் தங்கப்போகிறவர்கள்தான். மூன்று நாளுக்கு வருகிறவர் எதற்கு அரிசி வாங்கப்போகிறார்? நீண்ட நாள் தங்குகிறவர்களோ சலித்துப்போயிருப்பார்கள். தண்ணீர் வராத நாள், லிஃப்ட் நின்ற நாள் எல்லாவற்றையும் பார்த்தவர்கள். அங்கேயே மேடத்தின் மேசையில் டேட்டாவை ஏழு நாள் வரை, ஏழு நாளுக்கு மேல் என்று பிரித்தோம். இரண்டு பக்கமும் சரியாக நூறு நூறு பேர்.

ஏழு நாள் வரை தங்கியவர்களில் சமையல் அறைக்காரர்கள் 20 பேர், 14 பேர் பரிந்துரைக்கிறார்கள். மற்ற 80 பேரில் 40 பேர். ஏழு நாளுக்கு மேல் தங்கியவர்களில் சமையல் அறைக்காரர்கள் 70 பேர், 28 பேர் பரிந்துரைக்கிறார்கள். மற்ற 30 பேரில் 6 பேர்தான். அதாவது ஒரு பக்கம் 70-க்கு 50 சதவீதம், இன்னொரு பக்கம் 40-க்கு 20 சதவீதம். இரண்டு பக்கமும் இருபது சதவீதப் புள்ளி வித்தியாசம் இருக்கிறது. ஒன்றாகக் கலந்தபோது அது ஐந்தாகச் சுருங்கிவிட்டது. சமையல் அறைகளில் பெரும்பாலும் சலித்தவர்கள் நிறைந்திருந்தார்கள், அவர்களுடைய சலிப்பு அறையின் கணக்கில் ஏறிவிட்டது.

லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் தங்கிய நாளையும் சேர்ப்பது என்றால் இந்தப் பிரிப்பை மாடலுக்குள் செய்வதுதான். ஆர் மென்பொருளில் நான் எழுதியது இவ்வளவே:

```r
m1 <- glm(rec ~ kitchen, family = binomial, data = d)
m2 <- glm(rec ~ kitchen + longstay, family = binomial, data = d)
exp(cbind(coef(m2), confint(m2)))
```

m2-இல் சமையல் வசதியின் ஆட்ஸ் ரேஷியோ சுமார் 2.5. 95 சதவீத நம்பக இடைவெளி ஏறக்குறைய 1.2 முதல் 5.2 வரை. இடைவெளி அகலம்தான், 200 பேரை வைத்துக்கொண்டு இதற்கு மேல் துல்லியம் கேட்க முடியாது. ஆனால் வித்தியாசமே இல்லை என்பதைக் காட்டும் 1-ஐ அது தொடவில்லை.

உற்சாகத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். ஒரு காரணியைச் சேர்த்ததால் உண்மை வெளிவந்தது என்றால், இன்னும் சேர்த்தால் இன்னும் வெளிவரும் என்று நினைத்து, "மொத்தத்தில் எவ்வளவு திருப்தி?" என்ற கேள்வியையும் மாடலில் போட்டேன். மாடலின் பொருத்தம் சட்டென்று உயர்ந்தது. ஆனால் சமையல் வசதி 1.3-க்கு இறங்கியது, தண்ணீர், சுத்தம் எல்லாமே ஒன்றுமில்லாமல் போயின. திருப்திதான் ஒரே காரணி என்று அப்போது தோன்றும். அப்படி எழுதிவிடாதீர்கள்.

தங்கும் நாள் அறை எடுப்பதற்கு முன்பே ஏறக்குறைய தெரிந்துவிடுகிறது. டாக்டர் சொன்ன சிகிச்சையை வைத்துத்தான் அறையே தேடுகிறார்கள். அது அறையையும் பாதிக்கிறது, மார்க்கையும் பாதிக்கிறது. அதனால் அதைச் சேர்த்தே ஆக வேண்டும். திருப்தி அப்படி அல்ல. சமைக்க முடிந்ததால், தண்ணீர் வந்ததால் பின்னால் உண்டாவது அது. சமையல் வசதி பரிந்துரையாக மாறுவதே அந்த வழியாகத்தான். வழியை அடைத்துவிட்டு ஏன் யாரும் வரவில்லை என்று கேட்பது போன்றது அது. போதாததற்கு, திருப்தியும் பரிந்துரையும் ஒரே மனநிலையை இரண்டு விதமாகக் கேட்டவைதான். யார் பரிந்துரைப்பார் என்று ஊகிக்க மட்டும் மாடல் வேண்டுமென்றால் திருப்தியைத் தாராளமாகச் சேர்க்கலாம். லாட்ஜ்காரர் எதை மாற்றினால் நல்லது என்று சொல்வதற்கு என்றால் கூடாது. எண்கள் இறங்கியதா ஏறியதா என்பதை வைத்து இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. இரண்டிலும் குணகம் மாறத்தான் செய்தது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று படிவத்தின் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதிப் பாருங்கள், மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே. நான் அப்படி எழுதியபோது 23 கேள்விகள் தானாகவே ஏழாகக் குறைந்தன. ஏழையும் வைத்து ஓட்டியபோது சமையல் வசதி 2.4. பெரிதாக அசையவில்லை.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முதலில் கேட்டது, "2.5 என்றால் என்ன அர்த்தம்?" என்னுடன் படித்தவர்களில் பலர் இங்கேதான் "பரிந்துரைக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு" என்று சொல்லிச் சிக்கினார்கள். ஆட்ஸ் என்பது பரிந்துரைப்பவர் எண்ணிக்கையைப் பரிந்துரைக்காதவர் எண்ணிக்கையால் வகுத்தது. சதவீதம் வேறு. நீண்ட நாள் தங்கி, சமையல் வசதி இல்லாதவர்களில் 20 சதவீதம் பரிந்துரைக்கிறார்கள் என்றால் ஆட்ஸ் 20-க்கு 80, அதாவது 0.25. அதை 2.5-ஆல் பெருக்கினால் 0.625. மறுபடி சதவீதமாக்க 0.625-ஐ 1.625-ஆல் வகுத்தால் சுமார் 38. ஆக இருபது முப்பத்தெட்டாகிறது, இரண்டு மடங்குகூட இல்லை. குறைந்த நாள் தங்கியவர்களுக்கு அதே 2.5, ஐம்பதை எழுபத்தொன்றாக்குகிறது. அது ஒன்றரை மடங்குக்கும் குறைவு. பரிந்துரைப்பவர்கள் நூற்றில் நாலைந்து பேர்தான் என்றால் ஆட்ஸும் சதவீதமும் நெருங்கி இருக்கும். சர்வேயில் பாதிக்குப் பாதி பரிந்துரைக்கும்போது நெருங்காது. அதனால் அறிக்கையில் ஆட்ஸ் ரேஷியோவுக்குக் கீழே இந்தச் சதவீதங்களையும் போட்டிருந்தேன். தேர்வாளர் விரலை வைத்து அந்த வரியைத்தான் படித்தார்.

அடுத்து, "ஒரே லாட்ஜில் இருக்கிறவர்கள் ஒரே தண்ணீரைக் குடிப்பவர்கள் ஆயிற்றே, 200 பேரையும் தனித்தனி சாட்சியாக எப்படி எண்ணினீர்கள்?" என்றார். நியாயமான கேள்வி. ஒரே இடத்தில் இருப்பவர்களின் பதில்கள் ஒத்துப்போகும், அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் நம்பக இடைவெளி இருக்க வேண்டியதைவிடக் குறுகலாக வரும். ஒன்பது லாட்ஜுகளை வைத்து அதைத் திருத்தும் வழக்கமான முறைகளும் நம்பகமாக வேலை செய்யாது, அவற்றுக்கு இன்னும் நிறைய லாட்ஜுகள் வேண்டும். நான் செய்திருந்தது, ஒவ்வொரு லாட்ஜாக நீக்கி ஒன்பது முறை ஓட்டியது. ஆட்ஸ் ரேஷியோ 2-க்கும் 3-க்கும் இடையிலேயே நின்றது. எந்த ஒரு லாட்ஜும் தனியாக இந்த முடிவைத் தூக்கி நிறுத்தவில்லை என்று மட்டும் சொன்னேன், இடைவெளி உண்மையில் இன்னும் அகலமாக இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொண்டேன். அவர் தலையாட்டினார்.

அவர் கேட்காமல் விட்ட ஒன்று உண்டு. ஒரு மாலையில் லாட்ஜுக்குப் போய் இருப்பவர்களைக் கேட்டால், மாதக்கணக்கில் இருப்பவர்தான் அதிகம் சிக்குவார். மூன்று நாள் தங்குகிறவர் நான் போகும் நாளில் அங்கே இருப்பதற்கான வாய்ப்பே குறைவு. ஆகவே 200-க்கு 88 பேர் என்று வந்த என் 44 சதவீதத்தை வேலூர் லாட்ஜ்களில் தங்குகிறவர்கள் எல்லோருடைய சதவீதமாக எடுத்துக்கொள்ள முடியாது. நாட்களால் பிரித்தபின் கிடைத்த 2.5-ஐ இது அவ்வளவாகப் பாதிக்காது, மொத்தச் சதவீதத்தை நிச்சயம் பாதிக்கும். அறையைக் காலி செய்து சாவி கொடுக்கும்போது கேட்டிருந்தால் இது வந்திருக்காது. அந்த நேரத்தில் வண்டி பிடிக்கிற அவசரத்தில் பெட்டியோடு நிற்பவர்களிடம் 23 கேள்வி கேட்க முடியாது. ஏழு கேட்கலாம்.