ஏக்கர் 24 லட்சம், சென்ட் எவ்வளவு? அக்காவின் வயல் கணக்கு

அக்கா கலியாணம் முடித்துப் போனது தஞ்சாவூர்ப் பக்கம். அத்தான் வீட்டு வயலுக்குப் பக்கத்திலேயே ஒரு துண்டு வயல் விலைக்கு வந்திருக்கிறது என்று போன மாசி மாதம் ஃபோன் எடுத்தாள். நான் திருகோணமலையில் ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். காணி உறுதிகளை எழுதுவதும் ஒப்புப் பார்ப்பதும்தான் என் வேலை. "தம்பி, புரோக்கர் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார், நீ ஒருக்கா பாத்துச் சொல்லு" என்று ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பினாள்.

தாளில் இருந்தது மூன்றே வரி. ஏக்கர் 24 லட்சம் மேனி. சென்ட் 25,000. 40 சென்ட், மொத்தம் 10 லட்சம். எல்லாம் இந்திய ரூபாய்.

மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். இருபத்தைந்தை நாற்பதால் பெருக்கினால் ஆயிரம், அதாவது பத்து லட்சம். ஆனால் முதல் வரியும் இரண்டாம் வரியும் ஒட்டவில்லை. ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட். ஏக்கர் விலையில் கடைசி இரண்டு பூச்சியத்தைத் தட்டிவிட்டால் சென்ட் விலை வந்துவிடும். 24,00,000 என்றால் சென்ட் 24,000. தாளில் 25,000 என்று நிற்கிறது. சென்டுக்கு ஆயிரம் ரூபாய் என்றால் சின்னதாகத் தோன்றும், நாற்பது சென்டுக்கு அது நாற்பதாயிரம்.

அக்காவிடம் சொன்னேன். அவள் புரோக்கரிடம் கேட்டாள். "சின்னத் துண்டு என்றால் சென்ட் கணக்கில் கொஞ்சம் கூடத்தான் போகும்மா" என்றாராம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய வயலை மொத்தமாக வாங்குகிறவனுக்கு ஒரு விலை, பக்கத்து வயல்காரன் தன் எல்லையோடு சேர்க்க வாங்குகிற துண்டுக்கு ஒரு விலை என்பது இங்கே தம்பலகாமத்திலும் நடக்கிறதுதான். அப்படியென்றால் ஏக்கர் 25 லட்சம் என்றே சொல்லியிருக்க வேண்டும். பேசும்போது ஏக்கர் விலை, கணக்குப் போடும்போது சென்ட் விலை என்று இரண்டை வைத்துக்கொண்டால் வாங்குகிறவர் மனதில் முதல் விலைதான் தங்கும், காசு இரண்டாம் விலையில் போகும். அக்கா வீட்டில் எல்லாரும் "24 லட்ச வயல்" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது அந்த 40 சென்ட். எனக்கு உண்மையில் சந்தேகம் அதில்தான். இவ்வளவு வட்டமான அளவில் வயல் துண்டு அமைவது குறைவு. "பட்டாவை எடுத்து அனுப்பு, பழைய பத்திரத்தையும் அனுப்பு" என்றேன். இரண்டும் வந்தன.

பத்திரம் பழையது. சொத்து விவரத்தில் "ஏக்கர் 0.40 சென்ட்" என்று எழுதியிருந்தது. பட்டாவில் சென்ட் என்ற பேச்சே கிடையாது. தமிழ்நாட்டில் 1980களில் யுடிஆர் என்று நிலப் பதிவேடுகளைத் திருத்தியபோது மெட்ரிக் அளவுக்கு மாறிவிட்டார்கள், அதனால் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில்தான் வரும். இந்தத் துண்டுக்கு நின்ற எண் 0 - 15.20. முதல் எண் ஹெக்டேர், கோட்டுக்குப் பிறகு வருவது ஏர். ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர், 2.471 சென்ட். 15.20-ஐ 2.471-ஆல் பெருக்கினால் 37.56 சென்ட். பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட் இடிக்கிறது.

புல வரைபடத்தில் அந்த உட்பிரிவு ஏறக்குறைய நீள்சதுரம். ஒரு பக்கம் 40 மீட்டர், மற்றது 38 மீட்டர். பெருக்கினால் 1,520 சதுர மீட்டர், அதுவே 15.20 ஏர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் வகுத்துப் பார்த்தாலும் அதே 37.56. அடிக்கணக்கில் பழகியவர்களுக்கு ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அத்தானுக்கு அதுதான் வசதி. அவர் டேப்பைப் பிடித்து 131 அடிக்கு 125 அடி என்று அளந்து சொன்னார். பெருக்கி வகுத்தால் 37.6 சென்ட் அளவில் வருகிறது. டேப் அளவு என்றால் அரை அடி முன்பின் இருக்கும், ஆனால் நாற்பது சென்ட் வர வேண்டுமானால் 17,424 சதுர அடி வேண்டும். இங்கே 16,375-தான். ஆயிரம் சதுர அடி டேப் பிழையில் காணாமல் போகாது.

அப்பா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சென்ட் என்றால் பிடிபடாது. "அது எத்தனை பேர்ச்சஸ் எண்டு சொல்லு தம்பி" என்றார். நம்முடைய கணக்கில் ஏக்கர் ஒன்றுக்கு 4 றூட், றூட் ஒன்றுக்கு 40 பேர்ச்சஸ், ஆக ஏக்கருக்கு 160. அங்கே அதே ஏக்கருக்கு 100 சென்ட். எனவே ஒரு சென்ட் 1.6 பேர்ச்சஸ். முப்பத்தேழரை சென்ட் சரியாக 60 பேர்ச்சஸ், நம் உறுதியில் எழுதினால் ஏக்கர் 0, றூட் 1, பேர்ச்சஸ் 20. அவர்கள் சொன்ன 40 சென்ட் 64 பேர்ச்சஸ். "நாலு பேர்ச்சஸ் எங்க போச்சு?" என்று அப்பா உடனே கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் அக்கா அங்கே கேட்க வேண்டியிருந்தது.

நம் ஊரிலிருந்து அந்தப் பக்கத்துக் காணியைக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ட் நூறில் போவதால் ஏக்கர் புள்ளிக்குப் பிறகு வரும் இரண்டு இலக்கமும் சென்ட்டேதான். 0.60 ஏக்கர் என்றால் 60 சென்ட், அது 96 பேர்ச்சஸ். 60 பேர்ச்சஸ் என்பது 0.375 ஏக்கர். றூட், பேர்ச்சஸில் பழகிய கண் இரண்டையும் எளிதில் ஒன்றாக வாசித்துவிடும். அதே மாதிரி ஒரு ஏக்கர் ஐந்து சென்ட் என்றால் 1.05. இந்தத் துண்டுக்கு முன்பு பார்த்த ஒரு வயலை யாரோ 1.5 என்று குறித்துக் கொடுத்திருந்தார்கள். பட்டாவில் 0 - 42.50 என்று இருந்தது, அது 105 சென்ட். 1.5 என்றால் 150 சென்ட். 45 சென்ட் கூடுதலாக எழுதிய கணக்கு, ஏக்கர் 24 லட்சம் மேனி பார்த்தால் 10 லட்சத்து 80 ஆயிரம். வேறு காரணத்தால் அதை விட்டுவிட்டார்கள், ஆனால் புள்ளிக்குப் பிறகு வரும் பூச்சியத்தின் விலை எனக்கு மறக்காது.

சரி, நம் துண்டுக்கு வருவோம். கிராமத்தில் விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. பழைய பத்திரம் எழுதிய காலத்தில் வாய்க்கால் கரையையும் வரப்பையும் சேர்த்துக் குத்துமதிப்பாக நாற்பது என்று போட்டிருக்கிறார்கள். இப்போது வாய்க்கால் தனிப் புல எண்ணில் அரசுப் புறம்போக்காக இருக்கிறது. அதை விற்கவும் முடியாது, அதற்குக் காசு கொடுக்கவும் தேவையில்லை. விற்கிறவர் ஏமாற்ற நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் கையில் இருந்த பத்திரத்தில் நாற்பது, அவர் நம்பியதும் நாற்பது. சர்வேயரை வைத்து இரு தரப்பும் சேர்ந்து அளந்தபோது முப்பத்தேழரை சென்ட் வந்தது. பட்டாவோடு 0.06 சென்ட், இருபத்தாறு சதுர அடி வித்தியாசம். வரப்பு அகலத்தில் போகிற அளவு, யாரும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

அதன் பிறகு கணக்கைத் திரும்பப் போட்டு அக்காவுக்கு எழுதி அனுப்பினேன். ஏக்கர் 24 லட்சம் என்றால் சென்ட் 24,000. முப்பத்தேழரையால் பெருக்கினால் 9 லட்சம் ரூபாய். தாளில் இருந்தது 10 லட்சம். ஒரு லட்சம் கூட. அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிரித்துக் காட்டியதுதான் பேச்சுவார்த்தைக்கு உதவியது. இல்லாத இரண்டரை சென்டுக்கு 24,000 மேனி 60,000. சென்டுக்கு ஆயிரம் கூட்டியதில் நாற்பது சென்டுக்கு 40,000. முதலாவது அளவுப் பிழை, அதில் பேரம் பேச எதுவும் இல்லை. இரண்டாவது விலை, அது பேசித் தீர்க்க வேண்டியது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து "ஒரு லட்சம் குறையுங்கள்" என்று போயிருந்தால் அவர்கள் ஐம்பதாயிரம் குறைத்துவிட்டுப் பெரிய மனதுபோலக் காட்டியிருப்பார்கள், அக்காவும் சந்தோஷப்பட்டிருப்பாள்.

இன்னொரு கணக்கையும் சேர்த்து அனுப்பினேன். கேட்கிற மொத்தத் தொகையை உண்மையான சென்டால் வகுத்து நூறால் பெருக்கினால், நிஜத்தில் ஏக்கருக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது தெரியும். 10,00,000-ஐ 37.5-ஆல் வகுத்தால் சென்ட் 26,667. ஏக்கர் 26 லட்சத்து 67 ஆயிரம். அத்தான் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அசந்துபோனார். சுற்றுவட்டாரத்தில் அந்த விலைக்கு எந்த வயலும் கைமாறவில்லை என்று அவருக்கே தெரியும். இதற்குப் பெரிய கணித அறிவு தேவையில்லை, கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரே போதும்:

```
10,00,000 ÷ 37.5 = 26,667
26,667 × 100 = 26,66,700
```

அத்தானின் அப்பா இன்னும் மா கணக்கில்தான் பேசுவார். அங்கே ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட், மூன்று மா ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்வார்கள். அவருக்கு "ஒரு மாவும் நாலரை சென்டும்" என்று சொல்லி, மாவுக்கு எட்டு லட்சம் என்று விளக்கினாள் அக்கா. மூன்றால் வகுக்கிற இந்தக் கணக்கு வாய்ப்பேச்சுக்குப் பரவாயில்லை, ஒப்பந்தத்தில் மட்டும் எழுதக் கூடாது. சரியாகப் பார்த்தால் மா 33.06 சென்ட், மூன்று மா 99 சென்டும் கொஞ்சமும்தான் வரும்.

அளவைப் பற்றி விற்கிறவர் தகராறு பண்ணவில்லை, சர்வேயர் அளந்தபோது அவரும் நின்றார் அல்லவா. விலையில் மட்டும் சின்னத் துண்டு என்று பிடித்தார். கடைசியில் சென்ட் 24,500 என்று முடிந்தது. 37.5-ஆல் பெருக்கினால் 9,18,750 ரூபாய். ஏக்கருக்கு இருபத்துநாலரை லட்சம். பக்கத்து வயல் என்பதால் அந்த ஐந்நூறு ரூபாய் தகும் என்றுதான் எனக்கும் பட்டது. தண்ணீர் அதே வாய்க்காலில் வருகிறது, வரப்பை வெட்டினால் ஒரே வயல்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்ன வாசகம் மட்டும் என் பிடிவாதம். "மொத்த விலை இவ்வளவு" என்று மட்டும் இருந்தால் நாளை அளவு குறைந்தாலும் தொகை குறையாது. அதனால் "சென்ட் ஒன்றுக்கு ரூ.24,500 வீதம், அளந்து கண்ட 37½ சென்டுக்கு ரூ.9,18,750" என்று விலை, அளவு, தொகை மூன்றையும் ஒரே வரியில் போட வைத்தேன். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் பழைய பத்திரத்தின் நாற்பதை அப்படியே பார்த்து எழுதிவிடாமல் பட்டாவின் 0 - 15.20-ஐயும் அளந்த சென்டையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன். பட்டா மாறுதலுக்குப் போகும்போது பத்திரத்தில் கூடுதல் அளவு இருந்தால் அங்கே கேள்வி வரும். பத்திர நகலை ஒப்புப் பார்க்க எனக்கு அனுப்புவதாக அக்கா சொல்லியிருக்கிறாள். பதிவு வைகாசியில்.