வெள்ளையாக மிஞ்சிய தவறான பகுதி

மொரிஷியஸில் தனித்தேர்வராகக் கணிதத் தாள் எழுதப் படித்துவரும் எனக்கு, நேரியல் திட்டமிடலில் கோடு வரைவது ஒருபோதும் சிரமமாக இருந்ததில்லை. ஒரு மாலை முழுவதையும் வீணாக்கியது நிழலிடுவதுதான்.

தைப்பூசத்திற்குப் பலகாரம் செய்யும் ஒரு சமையற்கட்டைப் பற்றிய பயிற்சிக் கணக்கு அது. அதிரசம் x தட்டு, முறுக்கு y தட்டு எனக் கொண்டால், நிபந்தனைகள் இவை: x + y ≤ 10, 2x + y ≤ 16, y ≥ 2, y ≤ 2x. நான்கிலும் சமக்குறி இருப்பதால் நான்கையும் முழுக் கோடுகளாகவே வரைந்தேன். சமக்குறி இல்லாதிருந்தால் விட்டுவிட்ட கோடாக வரைந்திருக்க வேண்டும்.

எனக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் வேண்டிய பக்கத்தை நிழலிடுவார். வினாத்தாளோ வேண்டாத பக்கத்தை நிழலிட்டு, மிஞ்சும் வெள்ளைப் பகுதிக்கு R எனப் பெயரிடச் சொன்னது. முதல் மூன்று கோடுகளுக்கும் ஆதிப்புள்ளி (0, 0) கைகொடுத்தது: முதல் இரண்டு நிபந்தனைகளுக்கும் அது பொருந்துவதால் எதிர்ப்பக்கத்தையும், y ≥ 2 என்பதற்குப் பொருந்தாததால் அது இருக்கும் கீழ்ப்பக்கத்தையும் நிழலிட்டேன். ஆனால் y = 2x ஆதிப்புள்ளி வழியாகவே செல்கிறது. அங்கே சோதித்தால் 0 ≤ 0 என வருகிறதே தவிர, எந்தப் பக்கம் என்பது தெரியவே தெரியாது. நான் வேறு புள்ளியைத் தேடாமல், ஆசிரியரிடம் பழகிய கையோடு வேண்டிய பக்கத்தையே நிழலிட்டுவிட்டேன்.

இதில் கொடுமை என்னவென்றால், தாளில் எதுவும் கெட்டதாகத் தெரியவில்லை. y அச்சை ஒட்டி (0, 2), (1, 2), (10/3, 20/3), (0, 10) என்னும் நான்கு முனைகளோடு ஒரு வெள்ளைப் பகுதி ஒழுங்காகவே மிஞ்சியது. நானும் நம்பி R என எழுதி, அடுத்த வினாவையும் அதிலிருந்தே செய்து முடித்தேன். விடை பொருந்தாதபோதுதான், 2x + y = 16 என்ற கோடு என் பகுதியை எங்குமே தொடவில்லை என்பதைக் கவனித்தேன். தேவையற்ற நிபந்தனை சில கணக்குகளில் உண்டு என்பதால், இது மட்டுமே பிழைக்குச் சான்றாகாது. எனினும் ஐயம் எழுந்துவிட்டது. வெள்ளைக்குள் (1, 5) என்ற புள்ளியை எடுத்து நான்கு நிபந்தனைகளிலும் இட்டுப் பார்த்தேன். 5 ≤ 2 என்ற இடத்தில் பிழை பிடிபட்டது.

அழித்துவிட்டு, (5, 0) என்ற புள்ளியைக் கொண்டு y ≤ 2x என்பதைச் சோதித்தேன். 0 ≤ 10 உண்மையாதலால் வேண்டாத பக்கம் கோட்டின் இடப்புறம். அதை நிழலிட்டதும் (1, 2), (7, 2), (6, 4), (10/3, 20/3) ஆகிய முனைகளோடு சரியான நாற்கரம் கிடைத்தது. நான்கு கோடுகளும் அதற்கு எல்லையாயின.

இப்போதெல்லாம் பென்சிலை எடுக்குமுன், வேண்டாத பக்கத்தை நோக்கி ஒவ்வொரு கோட்டிலும் சிறு அம்புக்குறி ஒன்று இட்டுவிடுகிறேன். R என எழுதுமுன் உள்ளிருக்கும் ஒரு புள்ளியை எல்லா நிபந்தனைகளிலும் இட்டுப் பார்க்கிறேன். இந்தக் கணக்கில் (4, 4) போதும்: 8, 12, 4, 4 ≤ 8 என நான்கும் ஒரே நிமிடத்தில் ஒத்துவருகின்றன.