பாதிச் சம்பளத்துக்கு மாறும் முன் செய்த கணக்கு

கோவையில் ஒரு மோட்டார் பம்ப் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 1995-லிருந்து இருக்கிறேன். சம்பளப் பட்டியல், பிஎஃப், வேலையை விட்டுப் போகிறவர்களின் கடைசிக் கணக்கு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். 2024-ல் எனக்கு 55 வயது ஆனது. மாமியாருக்குப் பகலில் ஆள் துணை தேவைப்பட்டதால், வாரம் ஆறு நாள் வேலையை மூன்று நாளாக்கிக் கொள்ளலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். சம்பளம் பாதியாகும் என்பது தெரிந்ததுதான். ஆனால் இந்த மாற்றத்தில் பெரிய இழப்பு மாதச் சம்பளத்தில் வருவதில்லை, எதை முதலில் செய்கிறோம், எதைப் பிறகு செய்கிறோம் என்ற வரிசையில்தான் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிர்வாகத்தில் கேட்டபோது உடனே சம்மதித்தார்கள். “அடுத்த மாசத்திலிருந்து அப்படியே பாதிச் சம்பளம் போட்டுடலாம் மேடம், வேற பேப்பர் எதுவும் வேண்டாம்” என்றார் மேலாளர். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த ‘அப்படியே’ என்ற சொல்லுக்குள் சில லட்சம் ரூபாய் இருந்தது.

காரணம் பணிக்கொடை. 2024-ல் நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, கடைசியாக வாங்கிய மாத அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பிறகு வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ‘கடைசியாக வாங்கிய’ என்பதை. முப்பது ஆண்டு முழுச் சம்பளத்தில் உழைத்திருந்தாலும், கடைசி மாதச் சம்பளம் பாதியாக இருந்தால் அத்தனை ஆண்டுகளுக்கும் அந்தப் பாதியை வைத்துத்தான் கணக்கு. உடல் ஊனமுற்றதால் சம்பளம் குறைந்தவர்களுக்கு மட்டும் சட்டம் விலக்கு தருகிறது. அவர்களுக்கு முந்தைய ஆண்டுகளைப் பழைய சம்பளத்திலும், பிந்தைய ஆண்டுகளைக் குறைந்த சம்பளத்திலும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். விரும்பிப் பகுதிநேரத்துக்கு மாறுகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

என் கணக்கையே சொல்கிறேன். மொத்தச் சம்பளம் 84,000, அதில் அடிப்படை 42,000. 29 ஆண்டு சேவைக்குப் பணிக்கொடை 7,02,692 ரூபாய் வரும். மேலாளர் சொன்னபடி தொடர்ந்திருந்தால் அடிப்படை 21,000 ஆகியிருக்கும். 58 வயதில் ஓய்வு பெறும்போது சேவை 32 ஆண்டு, பணிக்கொடை 3,87,692. அதாவது மூன்று ஆண்டு கூடுதலாக உழைத்து, மூன்று லட்சத்துக்கு மேல் குறைவாக வாங்கிக்கொண்டு போயிருப்பேன். இன்னொரு சிக்கலும் உண்டு. இடைவிடாத சேவை பற்றித் தகராறு வந்தால் ஆண்டுக்கு 240 நாள் என்ற அளவுகோலைத்தான் எடுப்பார்கள். வாரம் மூன்று நாள் வேலைக்கு ஆண்டில் நூற்றைம்பது சொச்சம் நாள்தான் தேறும்.

எங்கள் ஸ்டோர்ஸ் பிரிவில் ஒருவருக்கு இது நடந்தே விட்டது. முதலில் பகுதிநேரம், ஒன்றரை ஆண்டு கழித்து ஓய்வு. அவருடைய கடைசிக் கணக்கைப் போட்டது நான்தான். விதிப்படி அந்தத் தொகைதான் வரும். அந்தத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் நிற்க எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது.

அதனால் நான் வேறு வழியில் போனேன். ஜூன் 30-ஆம் தேதியோடு ஓய்வு பெறுவதாக முறைப்படி கடிதம் கொடுத்து, முழுச் சம்பளத்தில் கடைசிக் கணக்கை முடித்தேன். ஜூலை 1-லிருந்து புது நியமனக் கடிதம், புது நிபந்தனைகள். சேர்த்து வைத்திருந்த 60 நாள் விடுப்புக்கும் முழு அடிப்படையில் 84,000 கிடைத்தது. இதில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். சேவைக் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதால், புது வேலைக்குப் பணிக்கொடை வேண்டுமென்றால் மறுபடி ஐந்து ஆண்டு ஆக வேண்டும். எனக்கு அது கிடைக்காமல் போகலாம். பரவாயில்லை, மூன்று லட்சத்தோடு ஒப்பிட்டால் அது சிறியது.

புது நியமனத்தை ஆலோசகர் என்று வைத்துக்கொள்ளலாமா என்றும் நிர்வாகம் கேட்டது. கையில் வரும் தொகை சற்றுக் கூடும், 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், பிஎஃப் இருக்காது. நான் ஊழியராகவே இருக்கிறேன் என்றேன். ஊழியராக இருக்கும்வரை நிறுவனத்தின் பிஎஃப் பங்கு வரும். பிஎஃப் உறுப்பினருக்கு உரிய இடிஎல்ஐ என்ற ஆயுள் காப்பீடும் இருக்கும். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். அதற்கு நாம் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை.

நியமனக் கடிதத்தில் நான் விடாமல் பார்த்தது அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள் என்பதை. பிஎஃப் ஓய்வூதியத்துக்குக் கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைத்தான் எடுக்கிறார்கள், அதற்கு உச்சவரம்பு 15,000. என் புது அடிப்படை 21,000 என்பதால் ஓய்வூதியக் கணக்குக்கு மாதம் 1,250 ரூபாய் பழையபடியே போகிறது, சராசரியும் இறங்காது. அடிப்படையை 12,000 என்று வைத்து மீதியைப் படிகளாகக் காட்டியிருந்தால், 58 வரைக்குமான மாதங்கள் சராசரியைக் கீழே இழுத்திருக்கும். அந்த இழப்பு ஆயுள் முழுவதும் தொடரும்.

அப்புறம் மருத்துவக் காப்பீடு. இதற்கு ஓய்வுக் கடிதம் கொடுக்கும் முன்பே, ஏப்ரலில் வேலையைத் தொடங்கிவிட்டேன். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் எனக்கும் கணவருக்கும் சேர்த்து 5 லட்சம் இருந்தது. அது முழுநேர ஊழியர்களுக்கு மட்டும் என்று பாலிசியிலேயே எழுதியிருந்தது. கணவருக்கு 59 வயது, பத்தாண்டாகச் சர்க்கரை. வெளியே புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்க விதி இடம் தருகிறது. குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால், இதுவரை தொடர்ந்து காப்பீட்டில் இருந்த ஆண்டுகளைக் காத்திருப்பில் கழித்துக்கொள்வார்கள். அதற்கு ஆதாரம் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் என் பெயரும் கணவர் பெயரும் பட்டியலில் இருந்ததற்கான சான்றை எச்ஆர் பிரிவில் கேட்டு வாங்கினேன். வேலையை விட்டு ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் அந்தப் பழைய பட்டியலைத் தேடித் தர யாருக்கும் நேரம் இருக்காது.

மாறும் உரிமை இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தந்துவிட மாட்டார்கள். கணவருக்கு ரத்தப் பரிசோதனை கேட்டார்கள், பிரீமியத்தையும் வயதுக்கேற்பப் போட்டார்கள். பழைய 5 லட்சத்துக்கு மட்டும்தான் காத்திருப்பில் கழிவு, தொகையைக் கூட்டினால் கூடுதல் பகுதிக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். எனவே 5 லட்சத்தை அப்படியே மாற்றிக்கொண்டு, 5 லட்சத்துக்கு மேல் செலவானால் மட்டும் கை கொடுக்கும் சூப்பர் டாப்-அப் ஒன்றைத் தனியாக எடுத்தேன். அதில் சர்க்கரைக்கான காத்திருப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, தெரிந்தே எடுத்ததுதான். அறை வாடகைக்கு வரம்பு இல்லாத பாலிசியா என்பதையும் பார்த்தேன். வரம்பு இருந்து, நாம் அதைவிட உயர்ந்த அறை எடுத்தால், அறை வாடகையோடு நிற்காமல் மருத்துவர் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். முதல் ஆண்டில் இரண்டும் சேர்ந்து ஜிஎஸ்டியோடு 54,000 ரூபாய் ஆனது. அதுவரை நிறுவனம் கட்டிக்கொண்டிருந்த செலவு, மாதம் 4,500 என்று எங்கள் தலையில் ஏறியது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்று ஆனதில் இப்போது கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

இனி வீட்டுச் செலவு. முன்பு பிஎஃப், விருப்ப பிஎஃப் 8,000, வருமான வரி எல்லாம் போகக் கைக்கு 66,000 வந்தது. அதில் 12,000 மியூச்சுவல் ஃபண்டுக்குப் போகும், வீடு 54,000-இல் ஓடும். இப்போது விருப்ப பிஎஃப்பை நிறுத்திவிட்டேன், வருமானம் இறங்கியதால் புதிய முறையில் வரியும் இல்லை. எனவே 42,000-இல் பிஎஃப் மட்டும் போகக் கைக்கு 39,480 வருகிறது. பாதியாகும் என்று பயந்த தொகை பாதியாகவில்லை. காரணம், முன்பு வந்ததில் கணிசமான பங்கு வரியாகவும் சேமிப்பாகவும் போய்க்கொண்டிருந்தது. புதிதாகச் சேமிப்பதை நிறுத்துவது எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. ஆனால் சேர்த்ததைத் தொடாமல் இருந்தாலே இந்த வயதில் போதும் என்று நினைக்கிறேன்.

பணிக்கொடையில் 7 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். அதற்கு 60 வயது ஆக வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 55 வயது முடிந்து ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள், அந்தப் பணத்தின் அளவுக்குக் கணக்குத் தொடங்கலாம். ஓய்வு பெற்ற நாளும் பணத்தின் விவரமும் குறிப்பிட்டு நிறுவனம் தரும் சான்றிதழ் வேண்டும். ‘அப்படியே’ தொடர்ந்திருந்தால் இந்தச் சான்றிதழும் கிடைத்திருக்காது. 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 14,350 வருகிறது, மாதத்துக்குப் பிரித்தால் 4,780.

விடுப்புப் பணம் 84,000-ஐ வைத்து வீட்டுக் கடனின் மிச்சத்தை அடைத்தோம். மாதம் 11,200 இஎம்ஐ நின்றது. இஎம்ஐ போய், காப்பீடு சேர்ந்து, வீட்டுக்குத் தேவை இப்போது 47,300. என் சம்பளமும் வட்டியும் சேர்ந்து 44,000-க்கு மேல். மீதியைக் கணவரின் சிறிய ஓய்வூதியம் பார்த்துக்கொள்கிறது. முன்பு அதை ஆர்டியில் போட்டுக்கொண்டிருந்தோம். வேலை நாள் குறைந்தால் செலவும் தானாகக் குறையும் என்பது மட்டும் உண்மையில்லை. பெட்ரோல் குறைந்தது, மின்கட்டணம் ஏறியது. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் உயர்ந்துவிடுகிறது. எனவே மீட்டரை மாத நடுவிலேயே ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

பிஎஃப் பணத்தைத் தொடவில்லை, சம்பளம் ஓடும்வரை அது அங்கேயே வட்டியோடு இருக்கட்டும். அஞ்சலகக் கணக்கு 2029-ல் முதிர்கிறது. அப்போது எனக்கு 60. எந்தப் பணத்தையும் 30 லட்சம் வரை அதே திட்டத்தில் போடலாம், ஓய்வுச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். பிஎஃப்பில் எவ்வளவை அங்கே மாற்றுவது என்று அன்றைய வட்டியைப் பார்த்து முடிவு செய்து கொள்ளலாம் என்று கணவர் சொல்கிறார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.