பிறப்பதற்கு முன்பே ஒப்பாரி: கார் ஸ்டீரியோவும் ஒரு பென் டிரைவும்

எங்கள் ஊர்க் கோயிலில் பாடிய அண்ணன்மார் கதையைப் பதினான்கு பகுதிகளாகக் கைபேசியில் பதிவு செய்து வைத்திருந்தேன். காங்கேயத்திலிருந்து வீரப்பூருக்குப் போகும் வழியில் அதைக் கேட்க வேண்டும் என்பது அப்புச்சியின் ஆசை.

புதிய 64 ஜிபி பென் டிரைவைச் செருகினால் பழைய காரின் ஸ்டீரியோ ERROR என்றது. கடைக்காரர் டிரைவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "செட்டு போய்விட்டது, புதிதாக மாற்றிவிடுங்கள்" என்றார். நல்லவேளை, பணத்தை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கணினியில் டிரைவின் பண்புகளைப் பார்த்தால் கோப்பு முறைமை exFAT என்றிருந்தது. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவ்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. பழைய ஸ்டீரியோக்கள் பலவற்றுக்கு FAT32 மட்டுமே புரியும். விண்டோஸின் ஃபார்மட் சாளரமோ அவ்வளவு பெரிய டிரைவுக்கு FAT32-ஐக் காட்டவே காட்டாது. மல்லுக்கட்டாமல், மேசையில் கிடந்த 16 ஜிபி டிரைவை FAT32 ஆக்கினேன். ஒரு மணி நேரப் பாட்டு 128 கேபிபிஎஸ் எம்பி3யில் 60 எம்பியைத் தாண்டாது. 16 ஜிபியே தாராளம்.

இப்போது ஸ்டீரியோ டிரைவை ஏற்றுக்கொண்டது, ஆனால் NO FILE என்றது. கைபேசி பதிந்தது .m4a கோப்பு. பெயரின் வாலை .mp3 என்று திருத்தி ஏமாற்றப் பார்த்தேன். 0:00 காட்டி ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனது. சட்டையை மாற்றினால் ஆள் மாறுவானா? கோப்பு வடிவத்தை மாற்றும் மென்பொருளில் போட்டு உண்மையிலேயே எம்பி3 ஆக்கிய பிறகுதான் உடுக்கைச் சத்தம் கேட்டது.

அதோடு முடிந்தது என்று நினைத்து அப்புச்சியை ஒரு சுற்று அழைத்துப் போனேன். பத்து நிமிடத்தில் கேட்டார்: "ஏன் கண்ணு, பொன்னரும் சங்கரும் இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் ஒப்பாரியா?"

கோப்புகளுக்கு எண் போட்டிருந்தும் வரிசை குலைந்திருந்தது. இத்தகைய ஸ்டீரியோக்கள் பெயரைப் பார்ப்பதில்லை. டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் பாடுகின்றன. ஒன்றை அழித்துவிட்டு இன்னொன்றைப் போட்டால், புதியது அழிந்ததன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் இரண்டு மூன்று முறை அப்படித்தான் செய்திருந்தேன்.

ஆகவே மறுபடி ஃபார்மட். பெயர்களை 01, 02 என்று இரண்டு இலக்கமாக்கினேன். வெறும் 1, 2 என்றால் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். டிரைவில் kathai என்று ஒரே ஒரு கோப்புறை, அதற்குள் வேறு கோப்புறை இல்லை. சுட்டியால் இழுத்துப் போடாமல் கட்டளைச் சாளரத்தில் இப்படி நகலெடுத்தேன்:

```
copy C:\kathai\*.mp3 E:\kathai
```

கணினியின் வழக்கமான NTFS வட்டிலிருந்து இப்படி எடுத்தால் பெயர் வரிசையிலேயே போய்ச் சேர்கிறது.

கரூரை நெருங்கும்போது முதல் பகுதி முடிந்து இரண்டாவது தொடங்கியது. அப்புச்சி ஒன்றும் சொல்லவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.